காலையில் எரிந்து மதியம் அணையும் எச்சரிக்கை விளக்கு: கடலோர ஊர்க் கார்களில் ஈரம் பிடித்த கப்ளரைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில வண்டி எடுக்கும்போது ஏபிஎஸ் லைட் எரியுது. மதியம் பார்த்தா இல்ல. சில நாள் வரவே வராது, அப்புறம் திரும்ப வருது. மெக்கானிக் ஒண்ணும் இல்லைங்கறார். என்னதான் காரணம்?

நீங்கள் சொல்லும் அந்த நேரமே பெரிய துப்பு. கெட்டுப்போன பாகம் பொழுது பார்த்துக் கெடாது. காலையில் வந்து மதியம் போகிற கோளாறு என்றால் ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடலோர ஊராக இருந்தால் ஈரத்தோடு உப்பையும்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். அதற்குக் கீழே காய்ந்த உப்பாக இருக்கும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, உப்புநீர் நன்றாகக் கடத்தும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியில், வயர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் கப்ளருக்குள் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருந்தால், விடியும்போது அது ஈரமாகி, உள்ளிருக்கும் ஒரு உலோகப் பின்னிலிருந்து பக்கத்துப் பின்னுக்கு ஒரு திருட்டுப் பாதை போட்டுக் கொடுக்கிறது. வெயிலும் இன்ஜின் சூடும் ஏறியதும் அது காய்ந்துவிடும், லைட்டும் போய்விடும். நீங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் பதினோரு மணிக்கு மெக்கானிக் பார்ப்பது காய்ந்த கப்ளரை. அவர் ஒன்றும் இல்லை என்று சொல்வது அந்த நேரத்துக்கு உண்மையும்கூட.

கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் மோசம், 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். அதனால்தான் சில கப்ளர்கள் மதியத்திலும் முழுதாகக் காய்வதில்லை, கோளாறும் நாள் முழுக்க விட்டுவிட்டு வருகிறது.

எங்க வீடு கடல்ல இருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. கப்ளர்ல ரப்பர் சீலும் இருக்கு. உள்ள எப்படி உப்பு போகும்?

சீல் நல்லபடியாக இருக்கும் கப்ளருக்குள் உப்புக்காற்று தானாகப் போவது அபூர்வம். ஆனால் இன்ஜின் சூட்டில் கப்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், வண்டி நின்று குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சீலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், தினமும் கொஞ்சம் ஈரக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் அந்த இழுப்பு காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரையே உள்ளே கொண்டுபோகும். சர்வீஸுக்குக் கொடுத்துக் கழுவி வந்த மறுநாள் லைட் எரிகிறது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வயருக்குள்ளேயும் ஒரு வழி இருக்கிறது. வயர் என்பது மெல்லிய செம்பிழைகளின் கட்டு. முன்பு யாரோ டெஸ்ட் லாம்ப் ஊசியை வயரின் மேலுறையில் குத்திப் பார்த்திருந்தால், அந்தத் துளை வழியாக ஈரம் புகுந்து இழைகளுக்கு நடுவே பல அங்குலம் ஊர்ந்து கப்ளரின் பின்பக்கத்துக்கு வந்துவிடும். அப்போது கப்ளர் வெளியே பளிச்சென்று இருக்கும், வயரை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தைக் கடலோர ஊர் எலக்ட்ரீஷியன்கள் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும்.

எல்லா கப்ளரையும் ஒரு தடவை கழட்டி மாட்டினா சரியாகிடும்னு சொல்றாங்க. செஞ்சுடலாமா?

முதல் வேலையாக அதைச் செய்யவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கப்ளரைக் கழற்றி மாட்டும்போது பின்னும் அதைப் பிடிக்கும் கூடும் ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. மேலே படிந்த களிம்பும் உப்பும் அந்த இடத்தில் வழிக்கப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. லைட் அணைந்துவிடும். பத்துக் கப்ளரைக் கழற்றி மாட்டியிருந்தால் அதில் எது குற்றவாளி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உப்பு உள்ளேயே இருப்பதால் சில வாரத்தில் களிம்பு திரும்பப் பிடிக்கும், நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். பலமாக இழுத்ததில் பூட்டு உடைந்தாலோ சீல் மடங்கிப் போனாலோ நல்ல கப்ளரும் கெடும்.

கோளாறு உயிரோடு இருக்கும்போதே எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துவிட்டு, அதன்பிறகு அந்த ஒரு கப்ளரை மட்டும் கழற்றுங்கள்.

ஸ்கேனர்ல எந்த சென்சார்னு காட்டுதே. அதை மாத்திட்டா போதாதா?

ஸ்கேனர் சுற்றின் பெயரைத்தான் சொல்கிறது, கெட்ட பாகத்தை அல்ல. அது காட்டும் கோளாறு எண்ணைத்தான் கோடு என்கிறோம். உதாரணத்துக்கு C0035 என்பது இடது முன்சக்கர வேக சென்சார் சுற்றில் கோளாறு என்று பொருள். அந்தச் சுற்றில் சென்சார் இருக்கிறது, அதன் கப்ளர், சக்கரத்திலிருந்து பாடிக்குப் போகும் வயர், நடுவே இருக்கும் இன்னொரு கப்ளர், கடைசியில் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி என எல்லாமே இருக்கின்றன. ஈரம் இதில் எங்கே இருந்தாலும் அதே கோடுதான் வரும்.

கோடை அழிப்பதற்கு முன் அதோடு பதிவாகியிருக்கும் விவரத்தை எழுதி வையுங்கள். எந்த வேகத்தில் வந்தது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, பேட்டரி வோல்ட் எவ்வளவு. இன்ஜின் 30 டிகிரியில் இருக்கும்போதே கோடு விழுந்திருந்தால் வண்டி எடுத்த கையோடு வந்திருக்கிறது, அதாவது இரவு ஈரம். 90 டிகிரியில், குண்டும் குழியுமான சாலையில் வந்திருந்தால் ஈரத்தைவிடத் தளர்ந்த பின்னை நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு எச்சரிக்கை. போனோடு இணைக்கும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் P என்று தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், ஏர்பேக் ஆகியவற்றின் கோடுகளுக்கு எல்லாப் பெட்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். போனில் ‘கோளாறு இல்லை’ என்று வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள்.

எனக்கு ஒண்ணு இல்ல, ஏபிஎஸ், ஸ்டியரிங், செக் இன்ஜின் எல்லாம் சேர்ந்து எரியுது. அத்தனை கப்ளரும் போச்சா?

இல்லை. பல விளக்குகள் ஒரே நொடியில் சேர்ந்து எரிந்தால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்கும். கடலோர வண்டிகளில் அது பெரும்பாலும் எர்த். பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் எர்த் வயரின் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே துரு ஏறிவிடும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும்.

இதைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், சிவப்பு முனையை எர்த் வயரின் வளையத்திலும் வையுங்கள். இப்போது இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மின்சாரம் ஓடும்போதுதான் தடை தன்னைக் காட்டிக்கொடுக்கும். மீட்டரில் 0.1 வோல்டுக்குக் கீழே இருந்தால் நல்ல எர்த். 0.3, 0.5 என்று ஏறினால் அந்த வழியில் துரு இருக்கிறது. முனையை வளையத்திலிருந்து போல்ட்டுக்கும், போல்ட்டிலிருந்து பாடித் தகட்டுக்கும் நகர்த்திக்கொண்டே போங்கள். அளவு சட்டென்று மாறும் இடத்தில்தான் துரு உட்கார்ந்திருக்கிறது.

எர்த் நன்றாக இருந்து, U0121 போல U என்று தொடங்கும் கோடுகள் வந்தால், பெட்டிகள் ஒன்றோடு ஒன்று பேசும் கேன் வயர்களைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் கப்ளரில் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். பல வண்டிகளில் சுமார் 60 ஓம் வரும், ஏனென்றால் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இணையாக இருக்கின்றன. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. 60-ஐவிடக் கணிசமாகக் குறைந்தால் எங்கோ இரண்டு வயருக்கும் நடுவே கசிவு இருக்கிறது. சில புதிய வண்டிகளில் இந்தப் பின்களுக்கும் உள் வயர்களுக்கும் நடுவே ஒரு பெட்டி நிற்கும். அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது.

சரி, ஒரு கப்ளர்லதான் ஈரம்னு வெச்சுப்போம். எந்தக் கப்ளர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோளாறை நாமே வரவழைக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு ஸ்கேனர், இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், ஒரு ஹேர் டிரையர்.

வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும் மதிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடு சொல்லும் சுற்றின் வழியில் என்னென்ன கப்ளர்கள் இருக்கின்றன என்று கையால் வயரைத் தொட்டபடி தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் நேரடி அளவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு கப்ளரின் மேல் மட்டும் வெறும் நல்ல தண்ணீரை மென்மையாகப் பனி போலத் தெளியுங்கள். பீய்ச்ச வேண்டாம். உப்பு ஏற்கனவே உள்ளே இருக்கிறது, நாம் கொடுக்க வேண்டியது ஈரம் மட்டும்தான். அப்புறம் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு உடனே அடுத்ததற்குத் தாவுவதால்தான் இந்தச் சோதனை பலருக்குத் தவறிப்போகிறது. சீல் கீறல் வழியாக நீர் ஊற நேரம் எடுக்கும்.

தாழ்வாக இருக்கும் கப்ளரில் தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து கீழுள்ளதையும் நனைத்துவிடும், எது காரணம் என்று குழம்பிவிடுவீர்கள். பியூஸ் பாக்ஸ், இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆல்டர்னேட்டர், ஏர்பேக் வயர்கள் பக்கம் தண்ணீரே போகக் கூடாது.

நல்ல சீல் உள்ள கப்ளர் எவ்வளவு நனைந்தாலும் அளவு அசையாது. கெட்ட கப்ளர் நனைந்ததும் அளவு ஆடும் அல்லது லைட் எரியும். அத்துடன் முடிவுக்கு வராதீர்கள். அதே கப்ளரை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டில் காயவையுங்கள். கோளாறு போக வேண்டும். நனைத்தால் வருவதும் காய்ந்தால் போவதும் இரண்டும் நடந்தால்தான் இடம் உறுதி.

காலையில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டி கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரே வேண்டாம். ஒவ்வொரு கப்ளராகக் காயவைத்துக்கொண்டே வந்து எதில் அளவு சரியாகிறது என்று பாருங்கள்.

ஒரு வண்டியில இதை முழுசா எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்ல முடியுமா?

கோவளத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த தெருவில், கூரையில்லாமல் நிறுத்தப்படும் ஒரு சின்ன ஹேட்ச்பேக். ஏபிஎஸ் விளக்கும் ஹேண்ட்பிரேக் விளக்கும் காலையில் எரியும். பிரேக் விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதே பெட்டிதான் என்பதால் அந்த இரண்டும் சேர்ந்து எரிவது வழக்கம். கோடு C0035. வேறொரு இடத்தில் இடது முன்சக்கர சென்சாரை ஏற்கனவே புதிதாக மாற்றியிருந்தார்கள். சில வாரம் நன்றாக இருந்துவிட்டு லைட் திரும்ப வந்துவிட்டது. சென்சாரை மாற்றும்போது கப்ளர் கழன்று மாட்டப்பட்டிருக்கும் அல்லவா? அந்த உரசல்தான் சில வார நிம்மதியைத் தந்தது.

இந்த வண்டியில் இருப்பது இரண்டு வயர் சென்சார். அது வேகத்தை வோல்டில் சொல்வதில்லை, மின்னோட்டத்தில் சொல்கிறது. சக்கரம் சுற்றும்போது 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் மாறி மாறித் தாவும். ஏபிஎஸ் பெட்டி நடுவே சுமார் 10-ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே என்றால் தாழ்வு, மேலே என்றால் உயர்வு என்று எண்ணுகிறது. இப்படி இருக்கும்போது இரண்டு பின்னுக்கும் நடுவே உப்புநீர் ஒரு கசிவு போட்டால் என்ன ஆகும்? 12 வோல்டில் 3 கிலோ ஓம் கசிவு என்றால் 4 மில்லி ஆம்பியர் கூடுதலாக ஓடும். 7 என்பது 11 ஆகிவிடும், 14 என்பது 18. இரண்டுமே 10-க்கு மேல். பெட்டிக்குத் தாழ்வே தெரிவதில்லை, சக்கரம் நின்றுவிட்டது என்று நினைக்கிறது, மற்ற மூன்று சக்கரங்களும் ஓடுவதைப் பார்த்துவிட்டு லைட்டைப் போடுகிறது. 3 கிலோ ஓம் கசிவு ஹெட்லைட்டையோ ஹாரனையோ ஒன்றும் செய்யாது. கடலோரத்தில் ஏபிஎஸ் விளக்கு முதலில் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் சுற்று அவ்வளவு நுணுக்கமானது, கப்ளரோ சக்கரத்துக்கு மேலே சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது.

மதியத்தில் வண்டியை ஜாக்கில் தூக்கி, தாங்கு ஸ்டாண்டு வைத்து, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்தோம். கியர் நியூட்ரல். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஸ்கேனரில் 3, 4 கிலோமீட்டர் வேகம் காட்டியது. சென்சாரின் அடிப்பகுதியில் தெளித்தோம், மாற்றமில்லை. சக்கர வளைவின் உள் லைனருக்குப் பின்னால் இருக்கும் கப்ளரில் தெளித்துப் பொறுத்திருந்தோம். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க, ஸ்கேனரில் வேகம் விட்டுவிட்டு வந்து பின் 0 ஆகிவிட்டது. ஹேர் டிரையர் காட்டியதும் திரும்ப 3, 4.

இடம் தெரிந்த பிறகுதான் கழற்றினோம். நனைத்த நிலையிலேயே மறுபடி ஒருமுறை சோதித்துவிட்டு, பேட்டரியையும் ஏபிஎஸ் பெட்டியின் கப்ளரையும் கழற்றினோம். பாடிப் பக்கத்துக் கப்ளர் பாதியின் இரண்டு பின்களுக்கும் நடுவே ஓம் பார்த்தபோது, இரு முனையும் திறந்திருப்பதால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது. ஆனால் 3 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மீட்டர் முனைகளை மாற்றி வைத்ததும் அளவும் வேறாக வந்தது. உள்ளே பார்த்தால் 12 வோல்ட் வரும் பின்னின் அடியில் பச்சைக் களிம்பு, மற்றொன்று கிட்டத்தட்ட சுத்தம். ஈரத்தில் பிளஸ் பக்கத்துச் செம்புதான் கரையும் என்பதால் களிம்பு எப்போதும் அந்தப் பக்கமே முதலில் பிடிக்கும். கப்ளரின் சீல் ஒரு பக்கம் மடங்கி உட்கார்ந்திருந்தது. புதுச் சென்சாருக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண். வேண்டியிருந்தது ஒரு சீலும் ஒரு டெர்மினலும்தான்.

நான் மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி வெச்சுப் பார்த்தேன், பீப் சத்தம் வருது. அப்ப வயர் நல்லாத்தானே இருக்கு?

பீப் சத்தம் வயர் அறவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. பல மீட்டர்கள் பத்து, இருபது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். எர்த் வயரில் 1 ஓம் இருந்தாலே அது கெட்ட எர்த். அதனால் மின்சாரம் ஓட வேண்டிய வழியை மேலே சொன்னதுபோல லோடு போட்டு வோல்டில்தான் சோதிக்க வேண்டும்.

ஈரக் கசிவுக்கு எதிர்ச் சோதனை வேண்டும். ஒன்றோடொன்று இணைந்திருக்கக் கூடாத இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். முனைகளை மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். சாதாரணத் தடை என்றால் இரண்டு முறையும் ஒரே அளவு வரும். உப்புநீர் என்றால் அளவு நிற்காமல் நகரும், முனை மாற்றினால் வேறு எண் வரும், ஏனென்றால் ஈரமான களிம்பு ஒரு குட்டி பேட்டரியாக வேலை செய்கிறது. சில சமயம் பேட்டரி கழற்றிய வயரில் மீட்டரை வோல்டில் வைத்தாலே சில மில்லி வோல்டு முதல் அதற்கு மேலும் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் ஈரம் இருப்பதில் எனக்குச் சந்தேகமே இருக்காது. ஆனால் அந்தச் சுற்றின் இரு முனையும் கழன்றிருக்க வேண்டும். பெட்டியோ சென்சாரோ இணைப்பில் இருந்தால் அவற்றின் உள்சுற்றும் முனை மாற்றினால் வேறு அளவு காட்டி ஏமாற்றும்.

மீட்டரின் தடித்த முனையைப் பெண் டெர்மினலுக்குள் குத்தாதீர்கள். அது விரிந்து தளர்ந்துவிடும், அப்புறம் ஈரமே இல்லாமல் லைட் எரியத் தொடங்கும்.

களிம்பு பிடிச்ச பின்னை எப்படிச் சுத்தம் பண்றது? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

எர்த் வளையத்தையும் பாடித் தகட்டையும் உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தாராளமாகத் தேய்க்கலாம். கப்ளர் பின்னை அப்படித் தேய்க்காதீர்கள். அதன் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு இருக்கிறது, தேய்த்தால் பூச்சு போய்ச் செம்பு வெளியே வரும், அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்ப்பதைப் பார்த்து எலுமிச்சை, வினிகர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிவிடுகிறோம், கப்ளரின் இடுக்கில் அமிலம் தங்கிவிடும்.

பலர் நேராகக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அந்தத் திரவங்களில் எண்ணெயும் அழுக்கும் கரையும், உப்பு கரையாது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வாட்டரால் கப்ளரின் இரண்டு பாதியையும் மென்மையான நைலான் பிரஷ் வைத்துக் கழுவுங்கள். வாங்கும்போது அது ஆசிட் இல்லை என்று பார்த்து வாங்குங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை விரட்டுங்கள். ஆவி முழுக்கப் போன பிறகு ஹேர் டிரையரால் நன்கு காயவையுங்கள். காண்டாக்ட் கிளீனர் அதற்கப்புறம்தான்.

கழுவிய பின்னும் பின்னில் குழி விழுந்திருந்தால், அல்லது வயரை லேசாக உரித்துப் பார்க்கும்போது செம்பு கறுத்திருந்தால், சுத்தம் செய்து பயனில்லை. பளபளப்பான செம்பு வரும்வரை வயரை வெட்டிப் புது டெர்மினல் போட வேண்டும். ஒட்டு வரும் இடத்தில் உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றினால் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் கிரீஸ் தடவலாமா?

மின்கடத்தா சிலிக்கான் கிரீஸ், அதாவது கடைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் கிடைப்பது. சீலைச் சுற்றியும், பின்களின் மேல் மெல்லிய படலமாகவும் போதும். பின் அழுந்தும் இடத்தில் கிரீஸ் ஒதுங்கிவிடும், மீதி இடத்தில் ஈரம் உட்காராமல் காக்கும். கப்ளர் நிரம்ப அடைத்தால் மாட்டும்போது கிரீஸ் அழுத்தத்தில் சீல் பிதுங்கிவிடும். செம்புத் தூள் கலந்த கிரீஸைக் கப்ளரில் போடவே கூடாது, அது பக்கத்துப் பின்னுக்கு மின்சாரத்தைக் கடத்தும். வாஸ்லின் பேட்டரி கம்பத்துக்கும் எர்த் போல்ட்டுக்கும் சரி, சில ரப்பர் சீல்களை அது ஊத வைத்துவிடும்.

களிம்பைச் சுத்தம் செய்யாமல் மேலே கிரீஸ் தடவினால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும்.

ஏர்பேக் லைட்டும் இப்படித்தான் வருது. சீட்டுக்கு அடியில இருக்கற மஞ்சள் கப்ளரை நானே பார்க்கலாமா?

வேண்டாம். சீட்டுக்கு அடியில் தரை விரிப்பு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், அவ்வளவே உங்கள் வேலை. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே வழிவதும், முன் கண்ணாடிக்குக் கீழே வேப்பிலையும் சருகும் வடிகாலை அடைப்பதும் விரிப்பு நனைய வழக்கமான காரணங்கள். அதைச் சரிசெய்யலாம். மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் வைப்பது, தண்ணீர் தெளிப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எதுவும் கூடாது. ஓம் அளவுக்கு மீட்டர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அபாயம் உண்டு. பேட்டரியைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்ஜின் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பில் எரிந்தால் ‘கப்ளர் ஈரம்தான்’ என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியை நிறுத்தி ஆயிலையும் கூலன்ட்டையும் பார்த்த பிறகுதான் கப்ளரைச் சந்தேகப்பட வேண்டும்.

பைக்குக்கும் இதே வழிதானா?

இதே வழிதான், தேடும் இடம் குறைவு. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள பைக்குகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், முன்சக்கர ஏபிஎஸ் சென்சார் கப்ளர், சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் கப்ளர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சரி செஞ்சாச்சு, லைட் போயிடுச்சு. உண்மையிலேயே தீர்ந்துச்சான்னு எப்படி நம்புறது?

லைட் போனதை வைத்து நம்ப வேண்டாம், கழற்றி மாட்டினாலே அது போகும் என்று பார்த்தோம். முன்பு கோளாறை வரவழைத்த அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோடை அழித்துவிட்டு, அதே கப்ளரில் அதே அளவு தண்ணீரைத் தெளித்து, அதே பத்து நிமிடம் பொறுத்து, சக்கரத்தைச் சுற்றி ஸ்கேனரைப் பாருங்கள். வேகம் விடாமல் வந்தால் அந்தக் கப்ளர் முடிந்தது.

பிறகு வண்டியை வழக்கமாக நிறுத்தும் அதே வெட்டவெளியில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் வைத்துச் சோதித்தால் அது சோதனையே இல்லை. பனி இறங்கிய ஒரு விடியலில் சாவியைப் போட்டு, வண்டி நகர்ந்து இருபது, முப்பது கிலோமீட்டர் வேகம் எட்டும்வரை கவனியுங்கள், ஏனென்றால் சில ஏபிஎஸ் கோளாறுகள் நிற்கும் வண்டியில் தெரியாது. லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனரை மாட்டி, மறைந்த கோடு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதே C0035 திரும்பப் பதிவாகியிருந்தால் அதே வயரில் அடுத்த கப்ளரிடம் போங்கள், பெரும்பாலும் அது ஏபிஎஸ் பெட்டியின் பெரிய கப்ளராக இருக்கும். வேறு சக்கரத்தின் கோடு வந்திருந்தால், எதிர்ப்பக்கத்துச் சக்கர வளைவில் இருக்கும் அதே மாதிரிக் கப்ளரையும் அதே உப்புக்காற்று விட்டுவைக்கவில்லை என்று பொருள். அங்கேயும் முதலில் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.